பீட்டர் பேரரசரின் கடற்படையும் புதுத் தலைநகரும்: ஆள், மரம், பணம் எங்கிருந்து வந்தது?

கடலாழி:
ரஷ்யாவின் முதலாம் பீட்டர் பற்றிப் பாடப்புத்தகங்களில் வருவது எல்லாம் ஒரே மாதிரிதான். தாடிக்கு வரி, ஜனவரி 1இல் புத்தாண்டு, ஹாலந்துப் பயணம், பீட்டர்ஸ்பர்க். நான் கேட்க நினைப்பது வேறு. அவர் ஆட்சிக்கு வந்தபோது ரஷ்யாவின் கையில் இருந்த ஒரே கடல் துறைமுகம் வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க். ஆண்டில் பாதி நாள் அதுவும் உறைந்து கிடக்கும். அப்படிப்பட்ட நாட்டில் கடற்படையை எந்த இடத்தில் கட்டினார்கள், யார் கட்டினார்கள், யார் செலவில்? கட்டியது நிலைத்ததா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வடதிசை:
அது ஒன்றும் சிக்கல் இல்லை. 1697இல் பேரைக்கூட மறைத்துக்கொண்டு ஹாலந்து போனார், ஸான்டாமிலும் ஆம்ஸ்டர்டாமிலும் தச்சராக வேலை பார்த்தார், அப்புறம் இங்கிலாந்து போய் மிச்சத்தையும் கற்றார். திரும்பும்போது நூற்றுக்கணக்கான கைவினைஞர்களைக் கூட்டிவந்தார். அவர்களை வைத்துக் கப்பல் கட்டினார். மேலைநாட்டு அறிவு வந்தது, கடற்படை வந்தது.

மரினா_பிள்ளை:
பயணம் உண்மை, கைவினைஞர்கள் வந்ததும் உண்மை. ஆனால் வரிசை தலைகீழ். முதல் கடற்படை அந்தப் பயணத்துக்கு ஒரு வருஷம் முன்பே தண்ணீரில் இறங்கிவிட்டது.

1695இல் டான் ஆற்றின் முகத்தருகே துருக்கியர் வைத்திருந்த அஸோவ் கோட்டையை பீட்டர் முற்றுகை இட்டார். தரையில் மூன்று பக்கமும் படை. ஆற்றுப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. துருக்கியக் கப்பல்கள் உணவும் வெடிமருந்தும் ஆளும் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தன. முற்றுகை தோற்றது. கப்பல் இல்லாமல் இந்தக் கோட்டை விழாது என்பது அந்தக் கோடையிலேயே தெரிந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஹாலந்தில் வாங்கிய துடுப்புக் கப்பல் ஒன்றை ஆர்க்காங்கெல்ஸ்க் வழியாக இறக்கி, மாஸ்கோ அருகே பிரியோபிரஜென்ஸ்கோயே கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதை மாதிரியாக வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அதே அளவில் பலகைகளையும் விலாச் சட்டங்களையும் படைவீரர்களே அறுத்தார்கள். அறுத்த பாகங்கள் பனிச்சறுக்கு வண்டிகளில் தெற்கே வரோனேஜுக்குப் போயின. டான் ஆற்றில் போய்ச் சேரும் வரோனேஜ் ஆற்றங்கரையில் ஓக் காடு இருந்தது, ஆழமும் ஓரளவு இருந்தது. அங்கே கோத்து முடித்து, 1696 வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வந்ததும் இறக்கினார்கள். இருபத்துச் சொச்சம் துடுப்புக் கப்பல்கள், இரண்டு பெரிய கப்பல்கள், தீ வைத்து எதிரிக் கப்பல் மேல் விடும் நான்கு தீக்கப்பல்கள். சாமான் ஏற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட தட்டைப் படகுகள் தனி. ஆற்று முகத்தில் அவை மறித்து நின்றன. உதவிக்கு வந்த துருக்கியக் கப்பல்கள் நெருங்கவில்லை. ஜூலையில் கோட்டை சரணடைந்தது.

ஹாலந்தில் அவர் தேடிப்போனது இதற்கு அடுத்த கட்டம். டச்சுத் தச்சர்கள் வரைபடம் இல்லாமல் கண் அளவிலும் கைப்பழக்கத்திலும் கட்டுவார்கள். அதில் அவருக்கு நிறைவில்லை. வரைபடம் போட்டுக் கட்டும் முறை இங்கிலாந்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் 1698 தொடக்கத்தில் லண்டன் அருகே டெப்ட்போர்டு கப்பல் துறைக்குப் போனார்.

கடலாழி:
மிக்க நன்றி மேடம். மரம், ஆள் புரிந்தது. பணம்?

மரினா_பிள்ளை:
அதற்குத்தான் வருகிறேன். 1696 அக்டோபரில் பிரபுக்கள் சபை கூடி, நிரந்தரக் கடற்படை வேண்டும் என்று முடிவெடுத்தது. கருவூலத்தில் அதற்குப் பணம் கிடையாது. எனவே செலவை வீட்டுக் கணக்கில் பங்கிட்டார்கள். பிரபுக்களின் நிலத்தில் இருக்கும் ஒவ்வொரு 10,000 குடியானவர் வீட்டுக்கும் ஒரு கப்பல். மடங்களும் ஆயர்களும் ஒவ்வொரு 8,000 வீட்டுக்கும் ஒரு கப்பல். நூறு வீட்டுக்கு மேல் வைத்திருந்த நிலப்பிரபுக்கள் தங்களுக்குள் சேர்ந்து ஒரு குழுமம் ஆக வேண்டும். நூறுக்குக் கீழே உள்ளவர்கள் வீட்டுக்கு அரை ரூபிள் கட்டிவிட்டால் போதும். வணிகர்கள் தனியாகக் குண்டு வீசும் கப்பல்கள் கட்டித் தர வேண்டும். மரத்தை மட்டும் அரசு கொடுக்கும். இரும்பு, கயிறு, பாய், பீரங்கி, ஆள் கூலி எல்லாம் குழுமத்தின் பொறுப்பு. கெடு 1698 ஏப்ரல்.

ஒரு குழுமம் என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதில் இருக்கும் பிரபு கடலையே பார்த்ததில்லை. ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடிக்கிறார். அவர் ஒரு வெளிநாட்டு மேஸ்திரியைப் பிடிக்கிறார். ஒரு குழுமத்துக்கு வெனிஸ்காரர், அடுத்ததற்கு டச்சுக்காரர், இன்னொன்றுக்கு டேனிஷ்காரர். ஒவ்வொருவரும் தங்கள் ஊர் வழக்கப்படி கட்டுகிறார்கள். அளவு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கெடு நெருங்கியதால் வெட்டிய கையோடு மரத்தை அறைந்தார்கள். பார்வையிட்டபோது பல கப்பல்கள் திருத்தாமல் கடலுக்குப் போக முடியாத நிலையில் இருந்தன. 1700இல் குழும முறையையே எடுத்துவிட்டு, அந்தச் செலவைப் பணமாக வசூலித்து, கடற்படை நிர்வாகமான அட்மிரால்டி அலுவலகம் நேரடியாகக் கட்டும்படி மாற்றினார்கள்.

வடதிசை:
அப்படியானால் முழுத் தோல்வி என்று சொல்ல வேண்டியதுதானே?

மரினா_பிள்ளை:
இல்லை. அதே வரோனேஜ் துறையில் 1698 நவம்பரில் தொடங்கி 1700 ஏப்ரலில் இறக்கிய 'கோட்டோ பிரெடெஸ்டினாட்சியா' என்ற 58 பீரங்கிக் கப்பல் இருக்கிறது. வடிவமைப்பு பீட்டருடையது. அவர் வெளியே போனபோது வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் ஸ்க்லியாயெவ், வெரெஷ்சாகின் என்ற இரண்டு ரஷ்யத் தச்சர்கள். ஆழம் குறைந்த ஆற்றில் அடிக்கட்டை தரை தட்டும் என்பதால், அதை இரண்டு அடுக்காக வைத்தார்கள். கீழ் அடுக்கு மோதிப் பிய்ந்தாலும் மேல் அடுக்கும் உடலும் தப்பும். அந்த ஆற்றுக்கென்றே யோசித்துச் செய்த ஏற்பாடு.

ஆனால் 1711இல் புரூத் ஆற்றங்கரையில் துருக்கியரிடம் சிக்கி, உடன்படிக்கையில் அஸோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. தெற்குக் கடற்படைக்கு இடமே இல்லாமல் போனது. சிலவற்றை உடைத்தார்கள், சிலவற்றைத் துருக்கியருக்கே விற்றார்கள். இந்தக் கப்பலும் விற்றதில் ஒன்று.

தச்சுப்பட்டறை:
மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பச்சை மரத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காயும்போது பலகை சுருங்கும், மூட்டு விலகும், அடைத்த நார் வெளியே வரும். அது கண்ணுக்குத் தெரிந்த கெடுதல். தெரியாத கெடுதல் உள்ளே. விலாவுக்கும் பலகைக்கும் இடையில் ஈரம் அடைபட்டு, காற்றே போகாமல் உளுத்துப்போகும். வெளியே நன்றாகத்தான் இருக்கும், திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும். கனமான ஓக் சட்டம் காய வருஷக் கணக்கில் ஆகும். ஒரு தேசமே கையில் இருக்கும்போது, வெட்டி அடுக்கி மூன்று நான்கு வருஷம் விட ஏன் முடியவில்லை? மேஸ்திரிகளுக்குத் தெரியாமல் இருக்காது.

மரினா_பிள்ளை:
தெரியும். காடு சம்பந்தமான ஆணைகளையே எடுத்துப் பாருங்கள். ஆற்றங்கரைக் காடுகளில் ஓக் வெட்டக் கூடாது, வெட்டினால் மரண தண்டனை வரை போகும் என்று 1703இல் விதித்தார்கள். மரத்தின் மதிப்பு தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது. காத்திருக்க முடியாததற்குக் காரணம் போர். 1700 முதல் 1721 வரை ஸ்வீடனுடன் இடைவிடாத யுத்தம்.

பால்டிக் பக்கம் வந்த பிறகு இது இன்னும் மோசமானது. பீட்டர்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் பைன் நிறைய, நல்ல ஓக் போதாது. எனவே கசான் பக்கத்து ஓக்கை வோல்கா வழியாக மேல்நோக்கி இழுத்து, கால்வாய் ஏற்றி, மறுபக்க ஆறுகளில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஒரே பருவத்தில் வந்து சேராது. நடுவழியில் ஆறு உறையும், மரம் படகிலேயே மழையிலும் பனியிலும் கிடக்கும். அதாவது காயவும் இல்லை, பச்சையாகவும் இல்லை, பாதி அழுகியே துறைக்கு வரும். பீட்டர்ஸ்பர்க்குக்கு எதிரே கடற்படை நின்ற கிரோன்ஸ்டாட் துறைமுகத்தில் நீவா ஆற்றின் நன்னீர்தான். அதில் கப்பல் உப்புநீரை விடச் சீக்கிரம் உளுக்கும் என்பது அந்தக் கால மாலுமிகளே சொன்ன குறை. வருஷத்தில் ஐந்து மாதம் பனிக்கட்டி வேறு.

அதனால்தான் பால்டிக்கில் அவருக்கு உண்மையில் வெற்றி தந்தது பெரிய பாய்க்கப்பல் இல்லை, துடுப்புக் கப்பல். பைன் மரத்திலேயே சீக்கிரம் கட்டலாம், பின்லாந்துக் கரையின் சிறு தீவுகளுக்கு நடுவே காற்று இல்லாவிட்டாலும் ஓட்டலாம், காலாட்படையே துடுப்புப் போடும். 1714 கங்குட் சண்டையில் காற்று செத்துக் கிடந்த நாளில் ஸ்வீடன் பாய்க்கப்பல்கள் நகர முடியாமல் நிற்க, ரஷ்யத் துடுப்புக் கப்பல்கள் சுற்றிக்கொண்டு போய்ப் பத்துக் கலங்களைப் பிடித்தன.

குரூப்_ஒன்_தயாரிப்பு:
நண்பர்களே, கேள்வி தலைநகர் மாற்றம் பற்றித்தானே? முகமது பின் துக்ளக் டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றித் தோற்றார், பீட்டர் மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு மாற்றி வென்றார். ஒருவர் தோற்கவும் ஒருவர் வெல்லவும் என்ன காரணம்? மூன்று பாயின்ட் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

நீவாக்கரை:
கேள்வி அது மட்டும் இல்லை, ஆனால் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பாயின்டாகத் தர முடியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

1703 மே மாதம் நீவா ஆற்றில் இன்றைய பீட்டர்ஸ்பர்க் இருக்கும் இடத்தில், முயல் தீவில் கோட்டை வேலை தொடங்கியபோது தலைநகர் எண்ணமே வெளியே இல்லை. நீவா முகத்துவாரத்தை ஸ்வீடனிடமிருந்து பிடித்தாயிற்று, அதைக் காக்க ஒரு மண்கோட்டை வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் அட்மிரால்டி, அதாவது கோட்டை மாதிரி மதில் கட்டிய கப்பல் துறை. 1709இல் பொல்தாவாவில் ஸ்வீடன் படை நொறுங்கிய பிறகுதான் இந்த இடம் கையில் நிற்கும் என்ற உறுதி வந்தது. அரசக் குடும்பமும் அலுவலகங்களும் அதன் பிறகே நகர்ந்தன.

கட்டிய முறையைப் பாருங்கள். மாகாணங்களுக்கு ஆள் கணக்கு போகும். வருஷத்துக்கு 40,000 பேர் வரை கேட்பார்கள். வீட்டுக் கணக்கில் பங்கிட்டு, கிராமம் ஆளை அனுப்பும். கோடாரி முதலான கருவி அவர்களுடையது, வழிச் சாப்பாடும் அவர்களுடையது. வந்து சேர நூற்றுக்கணக்கான மைல் நடை. இரண்டு மூன்று மாத முறை, முடிந்தால் அடுத்த கூட்டம். கேட்ட அளவு ஆள் ஒரு வருஷமும் வரவில்லை. பாதி வழியில் ஓடினார்கள், நோயில் விழுந்தார்கள். தள்ளுவண்டி போதாமல் பாயிலும் சட்டை மடியிலும் மண் சுமந்தார்கள் என்று அங்கே இருந்த ஐரோப்பியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வந்தவன் வேலையைப் பழகும் நேரத்தில் முறை முடிந்து கிளம்பிவிடுவான். இந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான். 1718இல் ஆளுக்குப் பதில் பணம் வாங்கி, கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கினார்கள்.

அடுத்தது கல். சதுப்பு நிலத்தில் கல் கிடையாது. 1714இல் இரண்டு ஆணைகள். ஒன்று, பீட்டர்ஸ்பர்க் தவிர நாட்டில் வேறு எங்கும் கல் கட்டடம் கட்டக் கூடாது. இதனால் கொத்தனார்கள் வேலை தேடித் தாங்களாகவே நீவாவுக்கு வர வேண்டியதாயிற்று. மாஸ்கோவில் பாதியில் நின்ற வீடுகள் அப்படியே நின்றன. இரண்டு, நகருக்கு வரும் ஒவ்வொரு படகும் அதன் அளவைப் பொறுத்து 10 முதல் 30 கல் வரை கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், ஒவ்வொரு வண்டியும் 3 கல். தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் சுமை. ஆனால் வரும் போக்குவரத்து எல்லாமே கல் சுமந்து வந்தது. இந்த விதி 1776 வரை இருந்தது.

வணிகத்தையும் ஆணையால்தான் திருப்பினார்கள். 1713 முதல் சணல், தோல் போன்ற ஏற்றுமதிச் சரக்கு ஆர்க்காங்கெல்ஸ்க் போகாமல் பீட்டர்ஸ்பர்க் வர வேண்டும் என்று உத்தரவு. ஆர்க்காங்கெல்ஸ்க் வணிகர்களுக்குப் பெரிய அடி.

துக்ளக் கதைக்கு வருவோம். பீட்டர் இறந்தது 1725. 1728இல் பேரன் இரண்டாம் பீட்டர் அரசவையோடு மாஸ்கோ போய்விட்டார். பிரபுக்கள் பின்னாலேயே போனார்கள், நகரம் காலியாகத் தொடங்கியது. 1732இல் பேரரசி அன்னா திரும்பி வந்த பிறகுதான் மீண்டும் நிறைந்தது. வென்றது என்று சொல்வதற்கு முன் இந்த நான்கு வருஷத்தையும் பாருங்கள். தௌலதாபாத்துக்குப் பின்னால் கடலும் துறைமுகமும் இல்லை, இங்கே இருந்தது. என் கணக்கில் வித்தியாசம் அதுதான்.

வடதிசை:
எலும்புகள் மேல் கட்டிய நகரம் என்று சும்மாவா சொல்கிறார்கள்? ஒரு லட்சம் பேர் செத்தார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

நீவாக்கரை:
அந்த எண் அப்போது அங்கே வந்துபோன வெளிநாட்டவர் எழுதியது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் கூட்டினார். யாரும் தலை எண்ணிய ஆவணம் இல்லை. இறப்பு மிக அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சதுப்பு, வயிற்றுப்போக்கு, பச்சைக் காய்கறி இல்லாத உணவு, கூரை இல்லாத படுக்கை. ஆனால் லட்சம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் பற்றாது.

மரினா_பிள்ளை:
இதில் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. ஆவணத்தில் இருப்பது அனுப்பியவர், வந்தவர் கணக்கு. வழியில் செத்தவனும் ஓடியவனும் வராதவன் என்ற ஒரே தலைப்பில் போய்விடுகிறார்கள். திரும்பும் வழியில் செத்தவனை யாருமே எழுதவில்லை. ஆவணம் காட்டும் எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

கடலாழி:
தரைப்படை பற்றியும் சொல்லுங்கள். 1700இல் நார்வாவில் ஸ்வீடனிடம் தோற்றுப் பீரங்கி எல்லாம் போனதும் கோயில் மணிகளை உருக்கிப் புதுப் பீரங்கி வார்த்தார், அதனால்தான் பொல்தாவாவில் ஜெயித்தார் என்று படித்தேன்.

நீவாக்கரை:
மணியை இறக்கியது உண்மை, 1701இல். ஆனால் மணி வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பீரங்கிக்குப் பத்தில் ஒரு பங்கு போதும், அதற்கு மேல் போனால் உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், சுடும்போது வெடிக்கும். மணியை உருக்கினால் செம்பு சேர்க்க வேண்டும், அந்தச் செம்புதான் கையில் இல்லை. அவசரத்துக்குக் கொஞ்சம் உதவியது, அவ்வளவே. நீண்ட காலத்துக்குக் கை கொடுத்தது உரால் மலை இரும்பு. நெவியான்ஸ்க், கமென்ஸ்க் உலைகள் 1701இல் எரியத் தொடங்கின.

ஆள் விஷயம்தான் பெரிது. 1705 முதல் 20 வீட்டுக்கு ஒரு ஆள், வயது 15 முதல் 20. போனால் ஆயுள் முழுக்கப் படை. அவன் செத்தாலோ ஓடினாலோ அதே 20 வீடுகள் இன்னொருவனைக் கொடுக்க வேண்டும். எனவே ஓடிப்போனவனைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை ஊரே செய்தது. 1712 முதல் இடது கையில் சிலுவைக் குறி குத்தி வெடிமருந்தைத் தேய்த்துவிட்டார்கள், எங்கே போனாலும் தெரியும்படி. பீட்டர் காலத்தில் மொத்தம் எடுத்த ஆள் சுமார் 2.8 லட்சம்.

மரினா_பிள்ளை:
அந்தப் படைக்குச் சோறு போட்ட கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் கடலாழியின் முதல் கேள்விக்குப் பதில் முழுமையாகும்.

வீட்டுக்கு வரி என்று இருந்தவரை குடியானவர்கள் இரண்டு மூன்று குடும்பமாக ஒரே வேலிக்குள், ஒரே அடுப்பில் சேர்ந்துகொண்டார்கள். வீட்டு எண்ணிக்கை குறைந்தது, வரியும் குறைந்தது. எனவே 1718இல் வீட்டை விட்டுவிட்டு ஆண் தலைகளை எண்ண உத்தரவு. கைக்குழந்தை முதல் கிழவர் வரை. நிலப்பிரபுக்கள் மறைத்தார்கள். படை அதிகாரிகளை அனுப்பி மறுபடி எண்ணவைத்தபோது லட்சக்கணக்கில் கூடியது. கடைசியில் ஏறக்குறைய 54 லட்சம்.

வரி விகிதம் வந்த வழி நேரான வகுத்தல். படைச் செலவு வருஷத்துக்கு 40 லட்சம் ரூபிள். 54 லட்சத்தால் வகுத்தால் 74 கோபெக், நூறு கோபெக் ஒரு ரூபிள். 1724இல் ஒரு தலைக்கு அதுதான் வரி. அதற்கு முன் 80 கோபெக் என்று வைத்திருந்தபோது, ஒரு காலாள் வீரனுக்கு ஆகும் 28 ரூபிள் 40 கோபெக்கை 80ஆல் வகுத்து, முப்பத்தைந்தரைத் தலைக்கு ஒரு வீரன் என்று கணக்குப் போட்டார்கள். அந்தந்த வட்டாரத்திலேயே படைப்பிரிவை இருத்தி, வசூலிலும் அதன் அதிகாரிகளை நுழைத்தார்கள்.

கோளாறு இதில் எங்கே என்றால், ஒருமுறை எண்ணியது அடுத்த கணக்கெடுப்பு வரை மாறாது. இடையில் செத்தவன், ஓடியவன், படைக்குப் போனவன் எல்லாருடைய 74 கோபெக்கையும் ஊரில் மிஞ்சியவர்கள் கட்ட வேண்டும். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் நிலுவை ஏறும், நிலுவை ஏறினால் ஆள் ஓடுவான், ஓடினால் மிஞ்சியவனுக்குச் சுமை இன்னும் கூடும். பீட்டர் இறந்ததும் 1725இலேயே 70 கோபெக்காகக் குறைத்துவிட்டார்கள்.

தச்சுப்பட்டறை:
அப்படிப் பார்த்தால் மேலை நாட்டிலிருந்து வந்தது கருவியும் வரைபடமும் மட்டும். ஆளைப் பிடித்த முறை பழைய பண்ணையடிமை முறைதான். இன்னும் இறுக்கமாக.

நீவாக்கரை:
பாதி ஏற்கிறேன். 1722இல் வந்த 14 படிநிலைப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பை விட்டு, பணியில் ஏறிய படியை வைத்து மரியாதை. படையில் கடைசிப் படியான 14ஆம் படிக்கு வந்தாலே பரம்பரைப் பிரபு அந்தஸ்து. 1701இல் மாஸ்கோ சுகரெவ் கோபுரத்தில் தொடங்கிய கடலோட்டப் பள்ளியில் இங்கிலாந்தில் அமர்த்திய ஃபார்குவார்சன் கணிதம் நடத்தினார், பிரபு வீட்டுப் பிள்ளைகளோடு எழுத்தர் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். அது பழைய முறை ஆகாது.

தச்சுப்பட்டறை:
குடியானவனுக்கு அதில் என்ன இருந்தது? இருபது வீட்டில் ஒருவன் போனான், அவன் எந்தப் படியில் ஏறினான்?

நீவாக்கரை:
வீரனாகப் போய் அதிகாரி ஆனவர்கள் இருந்தார்கள், மிகக் கொஞ்சம் பேர். மற்றபடி உங்கள் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

கடலாழி:
கடைசியாக ஒன்று. பால்டிக் கடற்படை பீட்டருக்குப் பின் என்ன ஆனது?

மரினா_பிள்ளை:
பட்டியலில் கப்பல் இருந்தது, கடலுக்குப் போகும் நிலையில் இருந்தது அதில் சிறு பகுதி. 1730களின் தொடக்கத்தில் புதுப்பிக்கவே தனிக் குழு போட வேண்டி வந்தது. ஆர்க்காங்கெல்ஸ்க் துறையில் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள், அங்கே லார்ச் மரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. கசான் ஓக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. லார்ச் கப்பல் ஓக் கப்பலை விட எத்தனை வருஷம் கூடக் குறைய நின்றது என்பது பற்றி தச்சுப்பட்டறை ஐயா சொன்னால் கேட்க ஆசை.

தச்சுப்பட்டறை:
லார்ச் என் கைக்கு வந்ததில்லை. பிசின் அதிகம் உள்ள மரம் என்றால் ஈரம் தாங்கும், ஆனால் பெரிய பீரங்கியின் உதைப்புக்கு ஆணி பிடிப்பு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். வடக்கு மரத்தில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.